ஜிம்முக்குப் போக மேனேஜருக்கு எழுதிய இரண்டு மெயில்கள்

போன வருடம், 2025 மார்ச் 18ஆம் தேதி இரவு பதினொன்றரை மணிக்கு என் மேனேஜருக்கு ஒரு மெயில் அனுப்பினேன். சப்ஜெக்ட் வரியில் 'ஒரு வேண்டுகோள்' என்று மட்டும் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு 'பேசலாம்' என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. மூன்று வாரம் அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு பேச்சும் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு ரோஷம்.

பல மாதம் கழித்து அவரே சொன்னார்: "அந்த சப்ஜெக்டைப் பார்த்ததும் நீங்க ரிசைன் பண்றீங்கன்னு நினைச்சேம்மா. உள்ளே திறந்து பார்த்தா ஒரு பக்கத்துக்குக் கதை. இயர் எண்ட் முடியட்டும்னு மூடி வச்சிட்டேன்."

நான் வேலை பார்ப்பது கிண்டியில், ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். சப்ளையர்களின் பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் டீம். என்னோடு சேர்த்து ஏழு பேர். காலை 9.30 முதல் மாலை 6.30 வரை வேலை, மதியம் 1 முதல் 2 வரை சாப்பாடு. மார்ச் மாதம் எங்களுக்கு எப்படிப் போகும் என்று கணக்கு வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். அந்த மாதம் 18ஆம் தேதி போய் மதிய நேரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டவள் நான்.

கேட்டதற்குக் காரணம் ஒரு ரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பார்கள். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. மாத்திரை இப்போது வேண்டாம், வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும், அதில் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் இருக்கட்டும் என்றார் டாக்டர். காலையில் எனக்கு வழியில்லை. இரண்டு டிபன் பாக்ஸ், பள்ளி வேன், அப்புறம் மின்சார ரயில். மாலை வீட்டுக்குப் போய்ச் சேர எட்டாகிவிடும். மிச்சம் இருந்தது மதியம்தான். சென்னை வெயிலில் மதியம் ரோட்டில் நடப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன ஜிம் இருந்தது. அந்த மாதிரி ஜிம்கள் பலவும் காலையில் திறந்து பதினோரு மணிக்கு மூடி, மாலை நாலுக்குத்தான் மறுபடி திறக்கும். இதில் பெண்களுக்கென்று 11.30 முதல் 1.15 வரை ஒரு பேட்ச் வைத்திருந்தார்கள். ஒரு மணிக்கு நான் இறங்கிப் போனால் அங்கே விளக்கணைக்கத் தொடங்கியிருப்பார்கள். அதனால்தான் நேரத்தை மாற்றிக் கேட்க வேண்டி வந்தது.

முதல் மெயில் இப்போதும் அனுப்பியவை பெட்டியில் இருக்கிறது. ஆபீஸ் வழக்கப்படி ஆங்கிலத்தில் எழுதியது. தமிழில் சொன்னால் அதன் நடுப்பகுதி இப்படி வரும்:

"உங்கள் வேலைப்பளுவுக்கு நடுவே தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னிக்கவும். சமீபத்தில் எடுத்த பரிசோதனையில் என் சர்க்கரை அளவு 6.1 என்று வந்திருக்கிறது (ரிப்போர்ட் இணைத்துள்ளேன்). எங்கள் குடும்பத்தில் பலருக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. எனவே மதிய இடைவேளையில் எனக்குக் கொஞ்சம் நெகிழ்வு கொடுத்தால் உடற்பயிற்சி செய்ய உதவியாக இருக்கும். என் வேலை எந்த விதத்திலும் பாதிக்காது என்று உறுதி கூறுகிறேன். தொந்தரவுக்கு மீண்டும் மன்னிக்கவும்."

கடைசி வரி நம் எல்லோருக்கும் மனப்பாடமான 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்'.

எழுதியபோது மிகவும் பணிவான மெயில் என்றுதான் நினைத்தேன். இன்று படித்தால், இதை வைத்து அவர் எதற்குச் சரி சொல்வது என்று எனக்கே புரியவில்லை. 'கொஞ்சம் நெகிழ்வு' என்றால் பத்து நிமிடமா, ஒரு மணி நேரமா? தினமுமா, நினைத்த நாளிலா? எத்தனை மாதத்துக்கு? வேலை பாதிக்காது என்று நான் சொன்னால் ஆயிற்றா? அதை நம்ப அவருக்கு ஒரு காரணமும் கொடுக்கவில்லை. இரண்டு இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், ஒரு இடத்தில்கூட மணி எழுதவில்லை. நான் யோசிக்க வேண்டியதை எல்லாம் அவர் தலையில் கட்டிவிட்டு அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரிப்போர்ட்டை இணைத்தது அதைவிடப் பெரிய தப்பு. அவர் நல்லெண்ணத்தில்தான் அந்த மெயிலை அப்படியே எச்.ஆருக்கு ஃபார்வர்டு செய்தார், டீம் லீடுக்கும் நகல் போட்டு. நாலாவது நாள் சாப்பாட்டு மேசையில் ஒருவர், "சுகராமே? வெந்தயம் ஊற வச்சுக் குடிங்க" என்றார். என் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பது கேன்டீன் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. யார் மேலும் கோபப்பட முடியவில்லை, இணைத்து அனுப்பியவள் நான்தானே. ஒரு மெயில் எத்தனை பேர் கைக்குப் போகும் என்பது அனுப்பியவர் கையில் இல்லை. டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். சான்று வேண்டுமென்றால் எச்.ஆர் தனியாகக் கேட்கட்டும், தனியாகக் கொடுக்கலாம்.

மார்ச் முடிந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் லீவு நாளில், ஜிம்மில் ஒரு நாள் ட்ரையல் கேட்டுப் போனேன். கூடவே ஒரு காரியம் செய்தேன், இந்த விவகாரம் முழுவதிலும் உருப்படியாகச் செய்தது அதுதான் என்று சொல்வேன். ஆபீஸ் கீழ்வாசலில் நின்று போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டேன். ஜிம் வரை நடக்க 6 நிமிடம். உடை மாற்ற 5. பயிற்சி 40: ஐந்து நிமிடம் உடம்பைச் சூடாக்க, பதினைந்து நிமிடம் ட்ரெட்மில்லில் வேக நடை, பதினைந்து நிமிடம் டம்பெல், கடைசி ஐந்து கைகால் நீட்டி மடக்க. அங்கே ஒரே ஒரு குளியலறை, எனக்கு முன்னால் இரண்டு பேர். குளித்து உடுத்தி வெளியே வர 13. திரும்ப நடக்க 6. மொத்தம் 70 நிமிடம், இன்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை. வேலை நாளில் எங்கள் ஒன்பதாவது மாடிக்கு லிஃப்டுக்குக் காத்திருப்பதையும் சேர்க்க வேண்டும். ஒரு மணிக்கு அந்த லிஃப்டைப் பார்த்தால் அழுகை வரும். நல்ல வேளை, 12.15க்குக் கூட்டம் இருக்காது. போக வர ஐந்து ஐந்து நிமிடம் வைத்தாலே 80 வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். முதல் மெயிலுக்கே அவர் சரி சொல்லியிருந்தால் முதல் நாளே இருபது நிமிடம் தாமதமாக வந்து நின்றிருப்பேன்.

சாப்பாடு? 11 மணிக்குக் கொஞ்சம் பயறு சுண்டல், திரும்பி வந்ததும் சீட்டிலேயே பத்து நிமிடத்தில் டிபன் பாக்ஸ் என்று முடிவு செய்தேன். பக்கத்து சீட் அக்காவோடு உட்கார்ந்து சாப்பிடுவது வாரத்தில் மூன்று நாள் போயிற்று. அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அடுத்து எந்தெந்த நாள் என்று பார்த்தேன். எங்கள் டீமில் செவ்வாயும் வெள்ளியும் பேமென்ட் நாள். 12.30க்குள் வங்கித் தளத்தில் கோப்பு ஏற வேண்டும். ஏற்றுபவரை மேக்கர் என்போம், அது நான். ஒப்புதல் தருபவர் செக்கர், அது மேனேஜர். ஆகவே அந்த இரண்டு நாளையும் நானே விட்டுவிட்டேன். மாதம் 7ஆம் தேதி டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போது பிடித்து வைத்த வரி, கட்டக் கடைசி நாள், அதையும் விட்டேன். மாதத்தின் கடைசி இரண்டு வேலை நாளும் போயிற்று. மிஞ்சியவை திங்கள், புதன், வியாழன். அந்த 20 நிமிடத்தைக் காலையில் 9.10க்கு வந்து ஈடுகட்டலாம். முன்னால் வரும் ரயிலைப் பிடித்தால் முடியும்.

இந்தக் கணக்கைப் போடும்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 1 முதல் 2 வரை ஏழு பேரும் ஒன்றாகச் சாப்பிடப் போய்விடுவோம், அந்த நேரத்தில்தான் சப்ளையர்கள் போன் போட்டுக்கொண்டே இருப்பார்கள். 1.35க்கு நான் சீட்டில் இருந்தால் 25 நிமிடம் போனை எடுக்க ஒரு ஆள் கிடைக்கும். 12.15 முதல் 1 வரை மற்ற ஆறு பேரும் இருக்கிறார்கள். நான் இல்லாத நேரத்தில் சீட் காலியாக இருப்பதைவிட நான் இருக்கும் நேரத்தில் போன் எடுக்கப்படுவது அவருக்கு லாபம். இதைத்தான் மெயிலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நடுவில் என் தம்பி, "மதியம் இடைவேளை உன் உரிமை, சட்டத்தைக் காட்டு" என்றான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஒரு நாளில் நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதென்றால் இடையில் குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. உண்மைதான். ஆனால் அந்த ஒரு மணி நேரம் எனக்கு ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருக்கிறது. நான் கேட்பது எண்பது நிமிடம், அதுவும் நான் சொல்லும் நேரத்தில். அதற்கு அந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. இடைவேளையே தராத இடமென்றால் அது வேறு கதை.

ஏப்ரல் 9, புதன்கிழமை, மதியத்துக்குப் பிறகு அவர் டீ குடிக்க எழுந்தபோது கூடவே நடந்து போய், "சார், மதிய நேரம் பத்தி ஒரு சின்ன மெயில் அனுப்பறேன். இந்த வாரம் பார்த்தா போதும்" என்றேன். "சரிம்மா, அனுப்புங்க" என்றார். ஒன்றும் பேசாமல் திடீரென்று எழுத்தில் போனால் நம் ஊர் ஆபீஸ்களில் அது புகார் மாதிரிதான் போய் விழும். பிறகு இந்த மெயிலை அனுப்பினேன்:

"பொருள்: மதிய இடைவேளை நேர மாற்றம், வாரம் 3 நாள், 6 வாரச் சோதனை

வணக்கம் சார்,

டாக்டரின் அறிவுரைப்படி வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி செய்ய விரும்புகிறேன். அதற்காகத் திங்கள், புதன், வியாழன் ஆகிய நாட்களில் என் மதிய இடைவேளையை 1.00–2.00க்குப் பதிலாக 12.15–1.35 என மாற்றிக்கொள்ள உங்கள் அனுமதி வேண்டும். கூடுதலான 20 நிமிடத்துக்கு அந்த நாட்களில் காலை 9.10க்கு வந்துவிடுவேன். மொத்த வேலை நேரம் எட்டு மணி நேரமாகவே இருக்கும்.

பேமென்ட் நாட்கள், டிடிஎஸ் கட்டும் நாள், மாதக் கடைசி இரண்டு வேலை நாட்கள் ஆகியவற்றில் வழக்கமான நேரமே. 1.35 முதல் 2.00 வரை சப்ளையர் அழைப்புகளை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 16 முதல் ஆறு வாரம் முயன்று பார்க்கலாமா? மே 28 அன்று எப்படிப் போனது என்று எழுதுகிறேன். நடுவில் வேலைக்கு இடைஞ்சல் என்று தோன்றினால் சொல்லுங்கள், மறுநாளே பழைய நேரத்துக்கு வந்துவிடுகிறேன். மூன்று நாள் சிரமம் என்றால் புதன் மட்டுமாவது போதும்.

நன்றி சார்."

மன்னிப்பு எங்கும் இல்லை. ஆனால் அவர் வேண்டாம் என்று சொல்வதற்கும் பாதி சரி என்று சொல்வதற்கும் இடம் இருக்கிறது. கடைசி வரியை எழுதவா வேண்டாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். ஒரு நாளே போதும் என்று நானே இறங்கி வந்தால் ஒரு நாள்தானே கிடைக்கும்? இப்போதும் அந்த வரி சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. அன்று அது பலித்தது.

மாலையே கூப்பிட்டார். "நாளைக்கு எல்லாரும் இதே மாதிரி கேட்டா நான் என்னம்மா பண்றது?" இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். "அவங்களும் பேமென்ட் நாளை விட்டுட்டு, போனுக்கு ஆள் வச்சுட்டுக் கேட்டா கொடுங்க சார்" என்றேன். சிரித்தார். "ஆறு வாரம்தான். எழுத்துல போட்டுடறேன்" என்றார்.

சோதனையின் முதல் நாள் ஏப்ரல் 16 ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவது நாளே சொதப்பல். ஏப்ரல் 18 புனித வெள்ளி, வங்கி விடுமுறை. அதனால் வெள்ளிக்கிழமை பேமென்ட் வியாழனுக்கு முன்னால் வந்துவிட்டது. என் மெயிலில் 'பேமென்ட் நாட்கள்' என்றுதான் எழுதியிருந்தேன், என் மண்டையிலோ செவ்வாய், வெள்ளி என்றே பதிந்திருந்தது. 12.05க்குக் கோப்பை ஏற்றிவிட்டு, முடிந்தது என்று கிளம்பிவிட்டேன். 12.20க்கு வங்கித் தளம் கோப்பைத் திருப்பிவிட்டது. ஒரு சப்ளையரின் ஐஎஃப்எஸ்சி எண்ணில் பிழை. அந்த எண்ணில் மொத்தம் 11 எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். படிவத்தை நிரப்பியவர் அந்த இடத்தில் ஆங்கில 'O' போட்டிருக்கிறார், நாங்களும் கவனிக்காமல் அப்படியே ஏற்றியிருக்கிறோம். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

திருத்தி மறுபடி ஏற்ற என் லாகின் வேண்டும். நான் ட்ரெட்மில்லில். போன் லாக்கரில், சைலன்ட்டில். வெளியே வந்து பார்த்தால் ஏழு மிஸ்டு கால். தலை ஈரத்தோடு ஓடி வந்து ஏற்றி, அவர் ஒப்புதல் கொடுத்து, பணம் போனபோது மணி 2.10. இப்போது நெஃப்ட் எந்நேரமும் ஓடுவதால் பணம் அன்றே போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தப் பணத்துக்காக எங்கள் கிடங்கு வாசலில் ஒரு லாரி சரக்கை இறக்காமல் ஒன்றரை மணி நேரம் நின்றிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. "ம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலமே மூன்று வரி மெயில் போட்டேன்: என்ன நடந்தது, இனி விடுமுறையால் பேமென்ட் நாள் மாறினால் என் நேரமும் மாறும், எனக்கு மாற்றாகப் பக்கத்து சீட் அக்காவுக்கு மேக்கர் லாகின் கேட்டு வங்கிக்கு விண்ணப்பிக்கலாமா. லாகின் வர பத்து நாள் ஆயிற்று. உண்மையில் நான் லீவு போட்டாலும் இதே சிக்கல்தான் வந்திருக்கும், இத்தனை நாள் யாரும் யோசிக்கவில்லை. போனையும் லாக்கரில் வைப்பதை நிறுத்திவிட்டேன்.

அடுத்தது சம்பளச் சீட்டு. ஏப்ரல் சம்பளத்தில் எனக்கு அரை நாள் விடுப்பு கழிந்திருந்தது. மேனேஜர் சரி சொன்னது மேனேஜருக்கும் எனக்கும் தெரியும். வாசலில் இருக்கும் விரல்ரேகை மிஷினுக்குத் தெரியாதே. அதன் கணக்கில் சாப்பாட்டு நேரம் 1 முதல் 2 வரைதான். 12.15க்கு வெளியே போனால் வேலை நேரத்தில் வெளியே போனதாக அர்த்தம், ஒரு மாதத்தில் மூன்று தடவை அப்படியானால் அரை நாள். எச்.ஆரில் என் பெயருக்குத் தனி ஷிஃப்ட் போட்டுத் தர மே இரண்டாவது வாரம் ஆகிவிட்டது, கழித்த அரை நாளும் திரும்பி வந்தது. மெயிலில் ஒரு வரி விட்டுப்போனதால் வந்த வினை: 'ஒப்புதல் கிடைத்தால் எச்.ஆருக்கும் நகல் அனுப்பி வருகைப் பதிவில் நேரத்தை மாற்றச் சொல்கிறேன்.' இப்போது எழுதினால் இந்த வரியை விடவே மாட்டேன்.

மே 28 அன்று சொன்னபடி எழுதினேன். மே தினம், மாதக் கடைசி, டிடிஎஸ் நாள் எல்லாம் போக 15 நாள் இருந்தன. அதில் 12 நாள் போனேன். இரண்டு நாள் தாமதமாகத் திரும்பினேன், ஒரு நாள் 9 நிமிடம், இன்னொரு நாள் 6. ஒரு கோப்பு தாமதம். 1.35க்கும் 2க்கும் இடையே எடுத்த அழைப்புகளை நோட்டில் குறித்து வைத்திருந்தேன், 31. உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்தச் சர்க்கரைப் பரிசோதனை மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, ஆறு வாரத்தில் எடுத்தால் பாதிக் கதைதான் தெரியும். தவிர, என் உடம்பு தேறியதா என்பது அவர் முடிவு செய்ய வேண்டிய விஷயமும் இல்லை. அவர் பதில்: 'தொடரலாம். தாமதம் ஆனால் மெசேஜ் போடவும்.'

அந்த ஏற்பாடு இன்றுவரை ஓடுகிறது. ஆகஸ்டில் பரிசோதித்தபோது 5.8. டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்றார்.

போன வாரம் ஜிம் மாஸ்டர் ஒரு சேதி சொன்னார். மதிய பேட்ச்சுக்கு ஆள் குறைந்துவிட்டது, அடுத்த மாதத்திலிருந்து 11 முதல் 12.30 வரை மாற்றப் போகிறார்களாம். 11 மணி எனக்கு ஆகாது, பில் வந்து குவியும் நேரம் அது. சனிக்கிழமை ஸ்டாப்வாட்சோடு எதிர்த் தெருவில் இருக்கும் இன்னொரு ஜிம்முக்குப் போகிறேன். அங்கே குளியலறை இரண்டு இருக்கிறதாம்.